18-ஆம் தேதி ஞாயிறு சந்திப்பு: நீங்கள் வருவது உறுதிதானே ஐயா?

வணக்கம் வாத்தியார் ஐயா,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? பொங்கல் வேலையெல்லாம் முடிந்திருக்கும். ஆவணியில் போனில் பேசி முடிவு செய்தோமே, ஜனவரி 18 ஞாயிறு காலை 10 மணிக்கு நீங்கள் பெகுவிலிருந்து ரங்கூன் வந்து, கோயில் தமிழ் வகுப்புக்கான முதல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுப்பது பற்றி உட்கார்ந்து பேசுவதென்று, அது அப்படியே இருக்கிறதா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மாதக்கணக்கு ஆகிவிட்டது, நடுவில் நாம் பேசவும் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

என் பக்கம் நாளும் நேரமும் மாறவில்லை. இடமும் அதே அச்சகம்தான், 29-ஆவது தெரு, அனவ்ரதா சாலைப் பக்கமிருந்து நுழைந்தால் இடது கை, இரண்டாம் மாடி. காளி கோயிலுக்கு வந்து போன் செய்தால் பையனை அனுப்புகிறேன், மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, பையைத் தூக்கிக்கொண்டு நீங்களாக ஏற வேண்டாம்.

மாறியது விலைதான். அன்று 300 பிரதிக்கு நான் சொன்ன தொகை இன்று நிற்காது ஐயா. காகிதம் வெளியிலிருந்து வருகிறது, டாலர் ஏறினால் அதுவும் கூடவே ஏறுகிறது. புது விலையை இப்போதே எழுதலாம், ஆனால் இங்கே வந்து இரண்டு காகிதத்தையும் தடவிப் பார்த்துவிட்டுப் பேசினால் உங்களுக்கே தெளிவாகும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிகிறது, அ, ஆ படிக்கிற பிள்ளைகளுக்கு அது சரிப்படாது என்பது என் எண்ணம். பிரதியைக் குறைத்தாவது நல்ல தாள் போடலாம். கமிட்டி இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டால், இங்கேயே முடிவு செய்துவிடலாம்.

உங்கள் பக்கம் எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: நீங்கள் மட்டும் வருகிறீர்களா, அன்று சொன்னபடி பொருளாளரும் வருகிறாரா? படங்கள் எல்லாம் வரைந்து முடிந்ததா? முடியாவிட்டால் பரவாயில்லை, இருப்பதைக் கொண்டு வாருங்கள், பக்கக் கணக்கு போட அது போதும். அப்புறம், அன்றே திரும்புகிறீர்களா, இரவு தங்குகிறீர்களா? தங்குவதென்றால் எங்கள் வீட்டிலேயே தங்கலாம், ஆனால் விருந்தாளி பெயரை வார்டு அலுவலகத்தில் முன்னாடியே கொடுக்க வேண்டும். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், அட்டையையும் மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.

கரண்ட் எப்போது போகும் என்று இங்கே சொல்ல முடிவதில்லை. மெஷின் ஓடாவிட்டாலும் பேச்சுக்குத் தடை இல்லை, மாதிரிப் பக்கங்களை முதல் நாளே அடித்து வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு வரி பதில் போடுங்கள். நெட் கிடைக்காவிட்டால் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நானே கூப்பிடுகிறேன். அன்றைக்கு வர முடியாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள் ஐயா, அடுத்த ஞாயிறும் நான் கடையில்தான் இருப்பேன். தைப்பூசம் நெருங்கிவிட்டால்தான் கோயில் நோட்டீஸ் வேலை வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாடு எங்கள் வீட்டில், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இப்படிக்கு,
ரங்கூன் அச்சகத்துத் தம்பி