யார் வீட்டு வாசல் இது?
ஒன்பதாம் வகுப்பு, தமிழ், இரண்டு பாடவேளை (தலா 45 நிமிடம்), 36 மாணவர்கள்

பல்லடம் வட்டாரப் பள்ளிகளை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். மாணவர் எழுதிய பத்தியையும் செயற்கை நுண்ணறிவு எந்திரம் எழுதிய பத்தியையும் அருகருகே வைத்து, எழுத்தில் ஒருவரின் குரல் எங்கே இருக்கிறது என்று பேசவைப்பதே வேலை. எந்திரம் எழுதியது எது என்று கண்டுபிடிப்பது அதற்கு ஒரு வழி மட்டுமே.

முதல் பாடவேளை

தலைப்பு: "பொழுதோட எங்க வாசல்". 15 நிமிடம், 60 முதல் 80 சொல், கையால் எழுத வேண்டும். வீட்டில் பேசும் சொல் வந்தால் அப்படியே எழுதலாம் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வட்டல் தட்டாகிவிடும், ஒறம்பரை விருந்தினர் ஆகிவிடுவார்கள். இத்தனை ஆண்டுகளாக நாம்தான் சிவப்பு மையில் திருத்தி அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

மாலையில் நான்கு பத்திகளைத் தேர்ந்தெடுத்து, எழுதியவரைத் தனியே கூப்பிட்டு அனுமதி கேளுங்கள். பிறகு எந்திரத்திடம் இரண்டு பத்தி வாங்குங்கள். தட்டச்சிட வேண்டியது:

```
பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வீட்டு வாசல் என்ற தலைப்பில்
ஒன்பதாம் வகுப்பு மாணவர் எழுதுவது போல 70 சொல்லில் ஒரு பத்தி எழுது.
```

இரண்டாவது பத்திக்கு இதனுடன் "கொங்குப் பேச்சு வழக்கில்" என்று சேர்க்கவும். ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும் என்பதால் வகுப்பில் வைத்துக் கேட்காமல் முன்பே அச்செடுத்துவிடுங்கள். மாணவர் பத்தி எதையும் எந்திரத்தில் இட வேண்டாம்.

ஆறு பத்தியையும் ஒரே எழுத்துருவில், அ முதல் ஊ வரை குறியிட்டு ஒரே தாளில் அச்சிடவும். மாணவர் பத்திகளில் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். பிழை இருந்தால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். சொல்லையும் வாக்கிய அமைப்பையும் தொடாதீர்கள்.

இரண்டாம் பாடவேளை

ஆறு பேர் கொண்ட ஆறு குழு, குழுவுக்கு ஒரு தாள். முதல் 10 நிமிடம் யார் எழுதியது என்று சொல்லவே கூடாது. ஒவ்வொரு பத்தியிலும் "இந்த வாசலில் நின்றவருக்கு மட்டுமே தெரியும்" என்று படும் வரிக்கு அடிக்கோடு. அதற்குப் பின்தான் ஊகம். மாதிரிக்கு மூன்று, சுருக்கமாக:

அ. பொழுதோட எங்க வாசல்ல தறிச் சத்தம்தான். கரண்ட் போனால்தான் எங்கள் அப்புச்சி பேசுவார். தறி ஓடும்போது பேசினால் கேட்காது என்று வாயைத் திறப்பதில்லை. தலையில் எப்போதும் பஞ்சு. அம்மிச்சி தண்ணி தெளித்தால் வாசலில் பஞ்சு அடங்கும். அப்புறம் நான் வட்டலைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வருவேன்.

ஆ. மாலை வந்துவிட்டால் எங்கள் வாசல் சொர்க்கமாக மாறிவிடும். பறவைகள் கூடு திரும்பும் ஒலி மனதை வருடும். அம்மா ஏற்றும் விளக்கு இருளை மட்டுமல்ல, எங்கள் கவலைகளையும் போக்கும். அது வெறும் வாசலல்ல. எங்கள் உறவின் அடையாளம்.

இ. ஏனுங்க, எங்க ஊட்டு வாசலு ரொம்ப அழகுங்க. பொழுது சாஞ்சா காத்து சிலுசிலுன்னு வீசுமுங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுவோமுங்க.

ஆ-வில் பெரும்பாலும் அடிக்கோடே விழாது. அந்த வாசல் பல்லடத்திலும் இருக்கலாம், தஞ்சாவூரிலும் இருக்கலாம். இ-யில்தான் நல்ல விவாதம் வரும். பேச்சுவழக்கு இருக்கிறதே, அப்படியானால் குரல் இருக்கிறதா? இப்படிக் கேளுங்கள்: இந்த "ங்க" யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? பேசிக்கொண்டார்கள் சரி, என்ன பேசினார்கள்? இனி அ-வுக்குத் திரும்புங்கள். அதில் வட்டார வழக்கு நாலைந்து சொல்தான். ஆனால் கரண்ட் போனால்தான் தாத்தா பேசுவார் என்பதைக் கவனித்தது ஒரு பிள்ளை. அந்தக் கவனிப்பையே குரல் என்கிறோம்.

சறுக்கும் இடங்கள்

நன்றாக இருப்பதெல்லாம் எந்திரம் எழுதியது என்று சில குழுக்கள் முடிவுகட்டும். அடிக்கோட்டைக் காட்டிக் காரணம் கேளுங்கள். "அழகா இருக்கு" காரணம் ஆகாது.

இதைவிடக் கடினம், முதல் மதிப்பெண் வாங்கும் மாணவியின் பத்தியை வகுப்பே எந்திரம் என்று சொல்லிவிடுவது. "இயற்கை அன்னை", "மனதை வருடும்" என்று எழுதினால் மதிப்பெண் தந்தவர்கள் நாம். அவள் மேல் தவறில்லை. அதனால் எழுதியவர் பெயரை வகுப்பில் வெளியிடவே வேண்டாம். எந்திரப் பத்திகள் எவை என்று மட்டும் சொன்னால் போதும். இந்தப் பயிற்சியை வைத்து வீட்டுப்பாடத்தில் யார் எந்திரத்தை வைத்து எழுதினார்கள் என்று தேடுவதும் கூடாது. ஆ-வைப் போல எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

கடைசி 10 நிமிடம்: அவரவர் பத்தியை எடுத்து, வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தும் ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தன் வாசலில் மட்டும் நடப்பதை எழுத வேண்டும். பழைய வரியை அழிப்பான் வைத்து அழிக்க வேண்டாம். குறுக்கே ஒரு கோடு போதும், இரண்டும் நோட்டில் தெரியட்டும்.