கறவை மாட்டுப் பண்ணை விரிவாக்கம்: வணிகத் திட்டச் சுருக்கம்

கடன் வகை: முத்ரா, கிஷோர் பிரிவு
கேட்கும் தொகை: ரூ.5,00,000
இடம்: கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்

வங்கியின் விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலத்தில் உள்ள கேள்விகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கணக்கு முழுவதும் சங்கத்துப் பால் அட்டையையும் தீவனக் கடை ரசீதுகளையும் வைத்துப் போட்டது.

விண்ணப்பதாரரும் அனுபவமும்

எனக்கு வயது 41. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பன்னிரண்டு வருடமாக மாடு வைத்து, எங்கள் ஊர் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு, அதாவது ஆவினுக்கு, இரண்டு வேளையும் பால் ஊற்றி வருகிறேன். ஒரே ஒரு ஜெர்சி கலப்பினக் கிடாரியோடு தொடங்கினேன். இப்போது தொழுவத்தில் நான்கு கறவை மாடுகளும் இரண்டு கிடாரிகளும் நிற்கின்றன. கடைசியாக வாங்கிய ஒரு மாட்டைத் தவிர எல்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவை. சினை ஊசி போட்ட தேதி, கன்று ஈன்ற தேதி, தடுப்பூசி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

கணவர் நூற்பாலையில் வேலை செய்கிறார், மாதம் ரூ.17,000 சம்பளம். வீட்டுச் செலவு அதில்தான் நடக்கிறது. காலையும் இரவும் மாட்டு வேலையில் அவரும் சேர்ந்துகொள்வார். பகலில் நானும் மாமியாரும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்போதைய தொழில் நிலை

நான்கு மாட்டில் எந்த நேரமும் மூன்று கறவையில் இருக்கும், ஒன்று பால் வற்றிச் சினையாக நிற்கும். வருடச் சராசரியாக நாளுக்கு 27 லிட்டர் கிடைக்கிறது. வீட்டுக்கு 2 லிட்டர் போக 25 லிட்டர் சங்கத்துக்குப் போகிறது. எங்கள் பாலில் கொழுப்பு 4.4, இதர சத்து 8.4 என்ற அளவில் வருகிறது. அந்தத் தரத்துக்குச் சராசரியாக லிட்டருக்கு ரூ.36 கைக்கு வருகிறது. மாத வரவு ரூ.27,000. தீவனம், வைக்கோல், மருந்து, மின்சாரம் எல்லாம் சேர்ந்து ரூ.18,080. மீதி ரூ.8,920.

கடன் எதற்கு?

நான்கு மாட்டுக்குச் செய்யும் வேலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒன்பது மாட்டைப் பராமரிக்க முடியும். எங்களுக்குத் தடையாக இருப்பது இரண்டே விஷயங்கள்: கைக்கறவையும் தொழுவத்தில் இடமும். அதனால் ஐந்து கறவை மாடுகள், தொழுவத்தை 300 சதுர அடி நீட்டுவது, ஒரு கறவை இயந்திரம், ஒரு தீவனப்புல் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்காக இந்தக் கடனைக் கேட்கிறேன்.

ஐந்து மாட்டையும் ஒரே நாளில் வாங்கப் போவதில்லை. முதலில் மூன்று, ஆறு மாதம் கழித்து இரண்டு. ஒன்றாக வாங்கினால் எல்லாம் ஒன்றாகக் கறந்து, ஒன்றாக வற்றிப்போகும். அந்த இரண்டு மூன்று மாதம் தவணை கட்டப் பால் இருக்காது. பால் பண்ணைக் கடன்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன என்பது என் கருத்து. ஆகவே கடன் தொகையையும் இரண்டு பகுதியாகவே தரும்படி கேட்டுக்கொள்கிறேன்: முதலில் ரூ.3,38,000, ஆறாம் மாதம் ரூ.1,62,000.

திட்டச் செலவும் நிதி ஆதாரமும்

கறவை மாடு 5, ஒன்று ரூ.75,000 வீதம்: 3,75,000
மாடு ஏற்றி வரும் வண்டி வாடகை, இரண்டு தடவைக்கு: 15,000
தொழுவம் நீட்டிப்பு, 300 சதுர அடி: 1,20,000
கறவை இயந்திரம், ஒற்றை வாளி: 45,000
புல் நறுக்கும் இயந்திரம், 2 குதிரைத்திறன்: 28,000
புது மாடுகளுக்கு முதல் வருட இன்சூரன்ஸ்: 15,000
முதல் மாதத் தீவனமும் வைக்கோலும்: 22,000
மொத்தம்: ரூ.6,20,000

இதில் என் பங்கு ரூ.1,20,000. சேமிப்புக் கணக்கில் ரூ.80,000 இருக்கிறது. மீதி ரூ.40,000-க்குத் தொழுவத்துக்கான கல் தூண், செங்கல், தகரம் ஏற்கெனவே வாங்கி இறக்கியாகிவிட்டது, பில் இருக்கிறது. இயந்திரங்களுக்கு இரண்டு கடைகளில் வாங்கிய விலைப்பட்டியல்களை இணைத்திருக்கிறேன்.

மாடு வாங்கும் முறை

சந்தையில் வாங்காமல், கன்று ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும் இரண்டாம் ஈற்று மாடாகப் பார்த்து விவசாயிகளின் தொழுவத்திலேயே வாங்குவேன். அங்கே வாங்கினால் மாட்டின் பழைய கதை தெரியும். தரகர் சொல்லும் லிட்டர் கணக்கை ஏற்பதில்லை. மாலை, காலை, மறுபடி மாலை என்று மூன்று வேளை அங்கேயே நின்று கறந்து அளப்பேன். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியை நிரப்பிக் காட்டினாலும் அடுத்த இரண்டு வேளையில் உண்மை வெளியே வந்துவிடும். நான்கு காம்பிலும் தனித்தனியாகப் பீய்ச்சி, பாலில் திரி திரியாக வருகிறதா, மடியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் கால்நடை மருத்துவரின் சான்றும், காதுத் தோடு எண்ணும், இன்சூரன்ஸும் சரியான பிறகே பணம் கைமாறும். பணத்தை வங்கியே விற்பவர் கணக்குக்கு நேராக அனுப்பலாம்.

தீவனமும் தண்ணீரும்

எங்களுக்கு இரண்டரை ஏக்கர் சொந்த நிலம், கிணறு உண்டு. இப்போது 60 சென்ட்டில் கோ-4 கம்பு நேப்பியர் புல் இருக்கிறது. அதை ஒரு ஏக்கராக்குவேன். கரணை என் வயலிலேயே கிடைப்பதால் அதற்குச் செலவில்லை. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ பச்சைப்புல் என்றால் ஒன்பது மாட்டுக்கு வருடத்துக்குச் சுமார் 82 டன் வேண்டும். நல்ல பராமரிப்பில் இந்தப் புல் ஏக்கருக்கு 150 டன் வரை தரும். கோடையில் கிணறு இறங்குவதை நினைத்து நான் 90 டன் மட்டுமே கணக்கில் வைத்திருக்கிறேன். வரப்போரம் 10 சென்ட்டில் வேலிமசால் விதைப்பேன். புரதம் அதில் கிடைத்தால் அடர்தீவனம் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் அந்த மிச்சத்தை வரவாகக் காட்டவில்லை.

வைக்கோலைத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் அறுவடை நடக்கும்போது மொத்தமாக வாங்கிப் போர் போட்டுவிடுவது வழக்கம். கோடையில் வாங்கப் போனால் விலை எட்டாது.

விற்பனை

பால் முழுவதும் சங்கத்துக்கே. கூடுதல் பாலை எடுத்துக்கொள்வதாகச் சங்கச் செயலாளர் தந்த கடிதம் இணைப்பில் உள்ளது. பால் பணம் என் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதிலிருந்து தவணையைப் பிடித்துக்கொள்ள நான் சம்மதம்.

வீடுகளுக்கு நேரடியாக ஊற்றினால் லிட்டருக்கு அதிகம் கிடைக்கும் என்பது தெரியும். ஆனால் மாதக் கடைசியில் பணம் வாங்க அலைய வேண்டும், ஊருக்குப் போனால் பால் வேண்டாம் என்பார்கள். கடன் கட்டும் காலத்தில் அந்த நிச்சயமின்மை எனக்கு வேண்டாம்.

வரவு செலவு: ஒன்பது மாடும் வந்த பிறகு

ஒன்பதில் ஆறு மட்டுமே கறவையில் இருக்கும் என்றும், ஒன்று சராசரி 9.5 லிட்டர் தரும் என்றும் எடுத்திருக்கிறேன். நாளுக்கு 57 லிட்டர். வீட்டுக்கு 2 போக 55 லிட்டர், ரூ.36 வீதம் மாத வரவு ரூ.59,400.

அடர்தீவனம்: கறவை மாட்டுக்கு 5 கிலோ, வற்றிய மாட்டுக்கு 2 கிலோ, ஆக நாளுக்கு 36 கிலோ. கிலோ ரூ.28 என்றால் மாதம் ரூ.30,240. வைக்கோல் ரூ.4,000, மருந்தும் தாது உப்பும் ரூ.2,500, மின்சாரம் ரூ.1,200, எல்லா மாட்டுக்கும் இன்சூரன்ஸ் மாதக் கணக்கில் ரூ.2,250, சாணி அள்ளவும் புல் அறுக்கவும் உதவிக்கு வருபவருக்கு ரூ.3,000. மொத்தச் செலவு ரூ.43,190. மீதி ரூ.16,210.

எரு விற்று மாதம் ஏறக்குறைய ரூ.2,000 வரும். கன்றுகளின் மதிப்பும் இருக்கிறது. இரண்டையும் மேலே சேர்க்கவில்லை.

திருப்பிச் செலுத்தும் திறன்

முதல் மூன்று மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்கிறேன். அதன்பின் 60 மாதம். ஆண்டு வட்டி 11 சதவீதம் என்று வைத்தால், ரூ.5,00,000-க்கு மாதத் தவணை சுமார் ரூ.10,871. தவணை போக மாதம் ரூ.5,339 மிஞ்சும்.

நிலைமை மோசமானால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ.2 இறங்கினால் மீதி ரூ.12,910, தவணைக்குப் போதும். பால் 55-இலிருந்து 47 லிட்டராகக் குறைந்தால் வரவு ரூ.8,640 குறையும், தீவனத்தில் ரூ.3,000 மிச்சமாகும். அப்போது மீதி ரூ.10,570, தவணைக்கு ரூ.301 துண்டு விழும். எருப் பணம் அதை ஈடுகட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு கிடாரியை விற்பேன். அதற்காகவே இரண்டு கிடாரிகளையும் கடன் திட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

ஆபத்துகளும் தடுப்பும்

நான் அதிகம் அஞ்சுவது மடிநோய். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு தடுப்பூசி முகாம் இருக்கிறது, தோல் கழலை நோய்க்கும் ஊசி உண்டு. மடிநோய்க்கு அப்படி ஒன்றும் இல்லை, தினசரிச் சுத்தம்தான் மருந்து. கறவைக்கு முன் மடியைக் கழுவித் துடைப்பது, முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பது, கறந்த பின் காம்பை அயோடின் கரைசலில் முக்குவது, உடனே தீவனம் வைத்து மாட்டை அரை மணி நேரம் படுக்க விடாமல் நிறுத்துவது: இவற்றை இப்போதும் செய்கிறேன். காம்பின் துவாரம் மூடும் முன் மாடு ஈரத்தரையில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். புதுத் தொழுவத்தில் தரைக்குச் சொரசொரப்பான சிமெண்டும் வாட்டமும் கேட்டிருப்பது இதனால்தான். இயந்திரத்தின் ரப்பர் குழாய்களை இரண்டு வேளையும் வெந்நீரில் கழுவுவோம்.

அடுத்தது சினை பிடிக்காமல் நாள் தள்ளிப்போவது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண். காலையும் மாலையும் பருவ அறிகுறி பார்ப்பது மாமியாரின் பொறுப்பு, அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மூன்று ஊசி போட்டும் நிற்காத மாட்டைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுவோம். மருந்தகம் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

வேறு கடன்கள், பிணை

கூட்டுறவுச் சங்கத்தில் ரூ.45,000 நகைக்கடன் இருக்கிறது. மஞ்சள் விற்றதும் அடைத்துவிடுவேன், பால் வரவிலிருந்து அதற்கு எடுப்பதில்லை. வேறு கடன் இல்லை. கடனில் வாங்கும் மாடுகளும் இயந்திரங்களும் வங்கியின் பெயரில் அடமானமாக இருக்கும். கணவர் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திடுவார்.

நேரடி ஆய்வு

அதிகாரிகள் மாலை 4 மணிக்கு வந்தால் கறவை நேரம், ஒவ்வொரு மாட்டின் பாலையும் எதிரிலேயே அளந்து பார்த்து நோட்டோடு ஒப்பிடலாம். தொழுவம் நீட்டும் இடத்தில் கயிறு கட்டி அளவு குறித்து வைத்திருக்கிறேன்.