தூக்குறதுக்கு முன்னாடி: புதுப் பணியாளர் பயிற்சிக் காணொளி

(காட்சி: கிடங்கு. தரையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. சீனியர் லோடர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்.)

லோடர்: வணக்கம். இந்தப் பெட்டியைப் பார்த்ததும் உங்க கை நேரா கீழே போகும். நிறுத்துங்க. முதல்ல லேபிளைப் படிங்க, எடை போட்டிருக்கும். இல்லைன்னா காலால ஓரத்தை லேசா நகர்த்திப் பாருங்க. அசையலையா? டிராலியோ பேலட் ஜாக்கோ கொண்டு வாங்க, இல்லை ஆள் கூப்பிடுங்க. கூப்பிடுறதுல ஒரு வெட்கமும் கிடையாது.

(திரையில்: 23 கிலோ)

லோடர்: ஒரு ஆள் தூக்குற எடைக்கு உச்ச வரம்பு இது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் 1991-ல திருத்தின கணக்கு. எல்லாமே சாதகமா இருந்தாத்தான் இந்த 23. பெட்டி உடம்பை விட்டுத் தள்ளி இருந்தா, தரையில கிடந்தா, இடுப்பைத் திருப்ப வேண்டி வந்தா, அடிக்கடி தூக்கினா, இது மளமளன்னு குறையும்.

(காட்சி: போகும் வழி. கிழிந்த ஸ்ட்ரெச் ஃபிலிம் ஒன்று தரையில்.)

லோடர்: வைக்கப்போற இடம் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க. இந்த மாதிரி பிளாஸ்டிக் துண்டு இருந்தா எடுத்துருங்க. கையில பெட்டி இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது.

(காட்சி: பக்கவாட்டிலிருந்து, மெதுவாக.)

லோடர்: இப்போ தூக்கலாம். பெட்டிக்குப் பக்கத்துல நில்லுங்க, கால் ரெண்டும் தோள் அகலம், ஒண்ணு கொஞ்சம் முன்னால. முட்டியை மடக்கி இறங்குங்க. ஒரு கை கீழ் மூலையில, இன்னொரு கை எதிர் மேல் மூலையில. விரல் நுனியில இல்ல, முழு உள்ளங்கையில பிடிங்க. பெட்டியை வயித்தோட ஒட்டிக்கிட்டு, காலால எழுந்திருங்க. வெடுக்குன்னு இழுக்காதீங்க. மூச்சை அடக்கவும் வேண்டாம்.

(திரையில்: முட்டி மடங்கட்டும், முதுகு மடங்க வேண்டாம்!)

லோடர்: வயித்தோட ஒட்டுறது ஏன்? கையை நீட்டிப் பிடிச்சா அதே எடை நெம்புகோல் மாதிரி கீழ் முதுகை இழுக்கும்.

(காட்சி: ரேக் பக்கம் திரும்புதல். முதலில் இடுப்பை முறுக்கும் தவறான முறை, குறுக்கே சிவப்புக் கோடு.)

லோடர்: அதிகமா அடிபடுற இடம் இதுதான். குனிஞ்சபடியே இடுப்பை முறுக்குறது, முதுகெலும்பு டிஸ்க்குக்கு ரொம்பக் கெட்டது. காலை எடுத்து வச்சுத் திரும்புங்க.

(திரையில்: மூக்கு எந்தப் பக்கமோ, கால் விரலும் அந்தப் பக்கம்!)

லோடர்: இறக்குறதும் அதே முறைதான், தலைகீழா. ஓரத்தை முதல்ல வச்சு, விரலை எடுத்துட்டு, அப்புறம் உள்ளே தள்ளுங்க. தோளுக்கு மேல உள்ள தட்டுன்னா ஏணி மேடை எடுங்க, எக்காதீங்க.

ரெண்டு பேர் தூக்கினா ஒருத்தர் மட்டும் குரல் கொடுக்கணும்: "ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" இறக்கும்போதும் அவர்தான்.

முதுகுல சுள்ளுன்னு இழுத்தா, அந்த நிமிஷமே நிறுத்திட்டு சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க. ஷிஃப்ட் முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

(காட்சி: பயிற்சி இடம், 10 கிலோ பெட்டிகள் வரிசையாக.)

லோடர்: வாங்க, கையுறை போட்டுக்கிட்டு ஆளுக்கு ஒண்ணா எடுங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்.