காலாண்டு ஆய்வுக் கூட்டம்: அக்டோபர்–டிசம்பர் 2024 இணைய விளம்பரம், விளக்க உரை

(காட்சி 1: மூன்று எண்கள்)

ஐயாவுக்கும் அம்மாவுக்கும், காங்கேயம் செக்காலையிலிருந்து வந்திருக்கும் கணக்குப் பிரிவினருக்கும் வணக்கம். உங்கள் செக்கு எண்ணெய்க்காக நாங்கள் நடத்திய இந்தக் காலாண்டின் விளம்பரம் நாம் சேர்ந்து வைத்த இலக்கை எட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திரையில் உள்ளவை மூன்று எண்கள். செலவான தொகை 17,62,200 ரூபாய். வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்த ஆர்டர்கள் 2,670. இலக்கு 6,000. ஒரு ஆர்டருக்கு 300 ரூபாய் விளம்பரச் செலவு என்று திட்டமிட்டோம், ஆனது 660 ரூபாய். சரக்கு, பாட்டில், அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் போக ஒரு ஆர்டரில் உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 310 ரூபாய் என்பதால், முதல் முறை வாங்கிய ஒவ்வொருவர் மீதும் நீங்கள் 350 ரூபாய் கைப்பணம் போட்டிருக்கிறீர்கள்.

இந்த உரையில் ‘ஆர்டர்’ என்று நான் சொல்வதெல்லாம் கூரியர் நிறுவனத்தின் பட்டியலில் ‘டெலிவரி ஆனது’ என்று பதிவானவற்றை மட்டுமே. பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பரப் பக்கம் காட்டிய 5,210 என்ற எண்ணை நான் பயன்படுத்தப் போவதில்லை. அதற்கான காரணமே இந்தக் காலாண்டின் பெரிய பிழை.

(காட்சி 2: இரட்டைக் கணக்கு)

உங்கள் இணையதளத்தில் ஒருவர் ஆர்டர் செய்தால், அந்தச் செய்தி மெட்டாவுக்கு இரண்டு வழிகளில் போகிறது: வாங்குபவரின் பிரவுசரில் இயங்கும் பிக்சல் என்ற சிறு நிரல் வழியாக ஒன்று, உங்கள் சர்வரிலிருந்து நேராக இன்னொன்று. இரண்டும் ஒரே ஆர்டர்தான் என்று மெட்டா அறிய வேண்டுமானால், இரண்டிலும் Purchase என்ற நிகழ்வுப் பெயரோடு event_id என்ற அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நாங்கள் செப்டம்பரில் சர்வர் இணைப்பை அமைத்தபோது அந்த அடையாள எண் ஒரு பக்கம் மட்டுமே போனது. அதனால் ஒரு ஆர்டர் இரண்டாக எண்ணப்பட்டது. ஒரு ஆர்டருக்கான செலவு பாதியாகத் தெரிந்தது. அதை நம்பி அக்டோபர் 21 அன்று நாள் செலவை 12,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாக உயர்த்தும்படி நாங்கள்தான் பரிந்துரைத்தோம். தீபாவளிக்கு முந்தைய நாட்களில் எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் விளம்பர இடத்துக்குப் போட்டியிடுவதால் விலை ஏறும். அந்த உச்ச விலையில், தவறான கணக்கை வைத்துக்கொண்டு, நாம் கூடுதலாக வாங்கினோம். நவம்பர் 18 அன்று உங்கள் கணக்கர் விற்பனைப் பதிவேட்டையும் எங்கள் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்ட பிறகே இது வெளிப்பட்டது. மறுநாளே சரிசெய்தோம், நாள் செலவையும் 15,000 ரூபாயாகக் குறைத்தோம். ஆனால் அந்தச் சரிபார்ப்பை முதல் வாரமே செய்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். அக்டோபர் 21 முதல் நவம்பர் 18 வரையிலான எங்கள் நிர்வாகக் கட்டணத்தை பில்லில் சேர்க்கவில்லை.

இதனுடன் ஒட்டிய இன்னொன்றும் உண்டு. விளம்பரத்தை 14 குழுக்களாகப் பிரித்திருந்தோம். ஒரு குழுவுக்கு வாரம் சுமார் 50 ஆர்டர்கள் கிடைத்தால்தான் மெட்டாவின் முறை யாரிடம் காட்டினால் விற்கும் என்பதைக் கற்றுத் தெளிகிறது. நமக்கு ஒரு குழுவுக்கு வாரம் 18 அளவில்தான் வந்தன. எந்தக் குழுவும் தேறவில்லை.

(காட்சி 3: திரும்பி வந்த பெட்டிகள்)

இணையதளத்தில் பதிவானவை 3,380 ஆர்டர்கள். அவற்றில் 710 பெட்டிகள் வாங்குபவர் ஏற்காமல் திரும்பின. முன்பணம் கட்டிய 1,240 ஆர்டர்களில் திரும்பியவை 55 மட்டுமே. பொருள் வந்ததும் பணம் தருவதாகச் சொன்ன 2,140 ஆர்டர்களில் 655 திரும்பின, அதாவது மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. போக, வர என்று இரண்டு முறை கூரியர் கட்டணம் உங்கள் கணக்கில் விழுந்தது.

உங்கள் அலுவலகத்தினர், பெட்டியைத் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர்களில் 120 பேரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். 47 பேர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: விளம்பரத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 340 ரூபாய் என்று இருந்தது, பில்லில் 410 ரூபாய் வந்தது. கொப்பரை விலை ஏறியதால் அக்டோபர் 12 அன்று நீங்கள் இணையதளத்தில் விலையை உயர்த்தினீர்கள், அது நியாயமான முடிவு. ஆனால் அந்தச் செய்தி எங்களுக்கு வரவில்லை, நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. பழைய விலை பொறித்த வீடியோ நவம்பர் 14 வரை ஓடியது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த வாடிக்கையாளரிடம் நம் எண்ணெயின் தரத்தைப் பற்றிப் பேச வாய்ப்பே இல்லாமல் போனது, இதுதான் எனக்கு மிகவும் வருத்தமான பகுதி.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலால் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கம் டெலிவரி தாமதமானது உண்மைதான். ஆனால் அதன் பங்கு 64 பெட்டிகள் மட்டுமே. சந்தையையும் குறை சொல்ல முடியாது: 2024 செப்டம்பர் 14 முதல் இறக்குமதி சமையல் எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்கவரி சுத்திகரிக்காததற்கு 20 சதவீதமாகவும், சுத்திகரித்ததற்கு 32.5 சதவீதமாகவும் உயர்ந்ததால், கடை பாக்கெட்டுகளின் விலை ஏறியது. அது செக்கு எண்ணெய்க்குச் சாதகமான காலம். அந்தச் சாதகத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

(காட்சி 4: நம்பிக்கை தருபவை)

இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆலையில் வேலை பார்க்கும் தம்பி கைப்பேசியில் எடுத்த 22 விநாடிக் காட்சி. வாகை மரச் செக்கில் நிலக்கடலையைக் கொட்டுகிறார், உலக்கை சுற்றுகிறது, ஓரத்தில் புண்ணாக்கு சுருண்டு எழுகிறது, எண்ணெய் வடிகிறது. பின்னணி இசை கிடையாது, செக்கின் முனகல் சத்தம் மட்டும். ஸ்டுடியோவில் செலவழித்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும்விட அது குறைந்த செலவில் ஆர்டர் கொண்டுவந்தது. இரண்டாவது, 2,670 பேரில் 395 பேர் யாரும் நினைவூட்டாமலே மறுபடி வாங்கியிருக்கிறார்கள். கணக்கைத் திருத்திய பிறகு டிசம்பரில் ஒரு ஆர்டருக்கான செலவு 510 ரூபாய்க்கு இறங்கியது. இன்னும் அதிகம்தான், ஆனால் திசை சரியானது.

(காட்சி 5: ஜனவரி–மார்ச்)

அடுத்த காலாண்டுக்கு 9 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. 14 குழுக்களை மூன்றாக ஒடுக்குகிறோம், ஆலையில் எடுத்த காட்சிகளையே முதன்மையாகப் பயன்படுத்துகிறோம். வீடியோவில் விலையைப் பொறிப்பதில்லை, இணையதளத்தில் உள்ள விலை தானாக விளம்பரத்தில் வரும்படி பொருள் பட்டியலை இணைக்கிறோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூரியர் பட்டியலோடு ஒப்பிட்ட ஒரு பக்க அறிக்கை உங்கள் கணக்கருக்கு வரும், அவர் ஒப்புதல் இல்லாமல் நாள் செலவு ஒரு ரூபாய்கூட உயராது. வாங்கிய 25ஆம் நாள், எண்ணெய் தீரும் நேரத்தில், வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல் போகும். பிப்ரவரி 15 அன்று ஒரு ஆர்டருக்கான செலவு 380 ரூபாய்க்குக் கீழே வரவில்லை என்றால், புதியவர்களைத் தேடும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் மட்டும் விற்பதுதான் உங்களுக்கு நல்லது. அதை அன்று நாங்களே முன்வந்து சொல்வோம்.

உங்களிடமிருந்து இன்று இரண்டு முடிவுகள் தேவை. விலை மாறினால் மாறுவதற்கு ஒரு நாள் முன்பே எங்களுக்குச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பொருள் வந்ததும் பணம் தரும் வசதியை 1,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டர்களுக்கு நிறுத்தி, அதற்குக் குறைந்தவற்றுக்கு அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வாங்கலாமா என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் பதிவாகும் ஆர்டர்கள் முதலில் குறையும், அம்மா சென்ற மாதம் தயங்கியதும் இதனால்தான் என்று அறிவேன். கணக்கரின் பதிவேடு மேசையில் இருக்கிறது, திரும்பி வந்த பெட்டிகளுக்கான பக்கத்திலிருந்தே அந்தக் கேள்வியைப் பேசத் தொடங்கலாம்.