சவ்வைக் கடக்கும் வழிகள்: உயிரியல் அலகுத் தேர்வு

மேல்நிலை முதலாம் ஆண்டு. 13 வினாக்கள், 13 மதிப்பெண், 30 நிமிடம். தப்பு விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டேன். அதனால் எதையும் விடாமல் எழுதவும். விடையும் விளக்கமும் கடைசியில் இருக்கின்றன. தாள் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் கைக்கு வரும்.

தொடங்குமுன் ஒன்று. "அடர்வு அதிகம்" என்று எங்கே கண்டாலும் பென்சிலை நிறுத்தி, எதன் அடர்வு என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளவும்: கரைபொருளா, நீரா? போன தடவை பாதிப் பேர் வழுக்கியது இந்த ஒரு இடத்தில்தான். பாடம் தெரியாமல் விட்டவர்கள் மிகக் குறைவு.

1. அம்பாசமுத்திரத்தில் ஒரு வீடு. ஆச்சி மாங்காயைக் கீறி, உப்பைப் புரட்டி, ஜாடியில் போட்டு மூடுகிறார். "தண்ணி ஒரு சொட்டு ஊத்தாதலே, அதுவே விடும்" என்கிறார். மறுநாள் காலை ஜாடியில் பாதி அளவுக்கு நீர் நிற்கிறது. அது முக்கியமாக எப்படி வந்தது?
(அ) செல்களுக்குள் இருந்த உப்பு வெளியே வந்து நீரானது
(ஆ) வெளியே கரைபொருள் அடர்வு கூடியதால் செல்களின் நீர் சவ்வு வழியே வெளியேறியது
(இ) செல்கள் ஏ.டி.பி செலவழித்து நீரை வெளியே தள்ளின
(ஈ) உள்ளீர்த்தலால் மாங்காய் நீரை உறிஞ்சி உமிழ்ந்தது

2. ரியோ இலைத்தோலை அடர்ந்த உப்புக் கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். ஊதா நிறப் பகுதி செல்சுவரை விட்டு உள்ளே சுருங்கியிருக்கிறது. சுவருக்கும் சுருங்கிய பிளாஸ்மா சவ்வுக்கும் நடுவில் உள்ள இடத்தில் இருப்பது
(அ) வெற்றிடம்
(ஆ) காற்று
(இ) செல்லிலிருந்து வந்த தூய நீர் மட்டும்
(ஈ) வெளியே உள்ள உப்புக் கரைசல்

3. நுரையீரல் காற்றுப்பையிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போவது
(அ) எளிய பரவல்
(ஆ) சவ்வூடு பரவல்
(இ) செயல்மிகு கடத்தல்
(ஈ) எளிதாக்கப்பட்ட பரவல்

4. மருத்துவமனையில் ஏற்றும் 0.9% சோடியம் குளோரைடு கரைசலும் 5% குளுக்கோஸ் கரைசலும், பாட்டிலில் இருக்கும் நிலையில், ரத்தத்துக்கு ஏறத்தாழ ஒத்த சவ்வூடு பரவல் அழுத்தம் உடையவை. எடை சதவீதத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இது எப்படி?
(அ) உப்பு சவ்வைக் கடக்கும், குளுக்கோஸ் கடக்காது
(ஆ) குளுக்கோஸ் நீரில் கரையாது
(இ) அழுத்தம் கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல
(ஈ) உப்பைவிடக் குளுக்கோஸ் மூலக்கூறு சிறியது

5. ரத்தச் சிவப்பணுவையும் வெங்காயத் தோல் செல்லையும் தனித்தனியே காய்ச்சி வடித்த நீரில் விடுகிறோம். முதலாவது வெடிக்கிறது, இரண்டாவது வெடிப்பதில்லை. காரணம்
(அ) வெங்காயச் செல்லுக்குள் நீர் நுழைவதில்லை
(ஆ) வெங்காயச் செல்லின் உறுதியான சுவர் எதிர்த்து அழுத்துகிறது
(இ) சிவப்பணுவில் உட்கரு இல்லை
(ஈ) சிவப்பணு நீரைச் செயல்மிகு கடத்தலால் ஏற்றுகிறது

6. களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் மழைநீர் வடியாமல் நான்கு நாள் நின்றது. வேர் நீரிலேயே கிடந்தது. மண்ணில் நைட்ரேட் இருந்தும் வேர் அதை எடுப்பது குறைந்தது. இதற்கு நேரடிக் காரணம்
(அ) நைட்ரேட் சவ்வில் ஒட்டிக்கொண்டது
(ஆ) நீர் அதிகமானதால் பரவல் வேகம் கூடியது
(இ) ஆக்சிஜன் குறைந்து வேர்ச் செல்களில் ஏ.டி.பி உற்பத்தி குறைந்தது
(ஈ) செல்சுவர் கரைந்துபோனது

7. சோடியம்–பொட்டாசியம் பம்பு ஒரு ஏ.டி.பி-யைச் செலவழிக்கும்போது
(அ) 3 சோடியம் அயனி வெளியே, 2 பொட்டாசியம் அயனி உள்ளே
(ஆ) 2 சோடியம் வெளியே, 3 பொட்டாசியம் உள்ளே
(இ) 3 சோடியம் உள்ளே, 2 பொட்டாசியம் வெளியே
(ஈ) இரண்டும் சம எண்ணிக்கையில்

8. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடுடன் 13.5 கிராம் குளுக்கோஸும் சேர்க்கிறார்கள். குளுக்கோஸ் எதற்கு?
(அ) சுவைக்காக மட்டும்
(ஆ) குளுக்கோஸ் குடலுக்குள் நீரை இழுத்து வைக்கும்
(இ) உப்பின் தீமையை முறிக்கும்
(ஈ) குடல் செல்லின் ஒரு கடத்திப் புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே விடும். நீர் பின்னால் வரும்

9. உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒவ்வொன்றும் 5.0 கிராம். வெவ்வேறு சுக்ரோஸ் கரைசல்களில் ஒரு மணி நேரம் வைத்து, துடைத்து, எடை போட்டோம்.

காய்ச்சி வடித்த நீர்: 5.6 கிராம்
0.2 M: 5.2 கிராம்
0.4 M: 4.8 கிராம்
0.6 M: 4.5 கிராம்

கிழங்குச் செல்சாற்றுக்கு ஒத்த அடர்வு ஏறத்தாழ
(அ) 0.1 M
(ஆ) 0.3 M
(இ) 0.5 M
(ஈ) 0.6 M

10. பிசானத்துக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் ஊறப் போடுகிறார்கள். காய்ந்த விதை முதலில் நீரை உறிஞ்சிப் பருப்பது
(அ) உள்ளீர்த்தல்
(ஆ) செயல்மிகு கடத்தல்
(இ) எளிதாக்கப்பட்ட பரவல்
(ஈ) நீராவிப்போக்கு

11. உப்பளப் பாத்தியில் உப்பு முற்றும் நேரம் சில சமயம் நீர் இளஞ்சிவப்பாகும். அதில் வாழும் டுனாலியெல்லா என்ற பாசிக்கு உறுதியான செல்சுவர் கிடையாது. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான நீரில் அது சுருங்கிச் சாகாமல் இருப்பது எப்படி?
(அ) அதன் சவ்வு நீரை விடவே விடாது
(ஆ) வெளியே உள்ள உப்பைத் தின்றுவிடும்
(இ) ஏ.டி.பி கொண்டு நீரை நேரடியாக உள்ளே பம்பு செய்யும்
(ஈ) செல்லுக்குள் கிளிசரால் சேர்த்து, உள் அடர்வை வெளியே உள்ளதற்கு ஈடாக்கும்

12. கூற்று: சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் ஒரு கடத்திப் புரதத்தின் வழியே நுழைகிறது.
காரணம்: கடத்திப் புரதம் பங்குபெறும் எல்லாக் கடத்தலுக்கும் ஏ.டி.பி தேவை.
(அ) இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது
(ஆ) இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை
(இ) கூற்று சரி, காரணம் தவறு
(ஈ) கூற்று தவறு, காரணம் சரி

13. U வடிவக் குழாயின் நடுவில் நீரை மட்டும் விடும் சவ்வு. இடப்பக்கம் 10% சுக்ரோஸ், வலப்பக்கம் 2% சுக்ரோஸ். நேரம் போகப் போக இடப்பக்க மட்டம் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிட்டது. இப்போது
(அ) சவ்வு வழியே நீர் நகர்வதே இல்லை
(ஆ) இருபுறமும் சுக்ரோஸ் அடர்வு சமமாகிவிட்டது
(இ) இருதிசையிலும் ஒரே வேகத்தில் நீர் நகர்கிறது
(ஈ) சுக்ரோஸ் வலப்பக்கம் போய்விட்டது

விடைகளும் விளக்கமும்

1-ஆ, 2-ஈ, 3-அ, 4-இ, 5-ஆ, 6-இ, 7-அ, 8-ஈ, 9-ஆ, 10-அ, 11-ஈ, 12-இ, 13-இ.

ஆச்சியின் ஜாடியில் உப்பு வெளியே இருக்கிறது, நீர் உள்ளே இருக்கிறது. நீர், தான் அடர்ந்திருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போகும். "அடர்வு குறைந்த இடத்திலிருந்து அடர்ந்த இடத்துக்கு நீர் போகும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கே கரைபொருள் அடர்வைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே விஷயம்தான். ஆனால் பாதியில் ஆளை மாற்றினால் விடை தலைகீழாகும். இன்னொன்று: நாள் பல ஆனதும் மாங்காயே உப்பாகிறதே, அது எப்படி? செல்கள் செத்துச் சவ்வு கெட்ட பிறகு உப்பு தடையில்லாமல் உள்ளே பரவுகிறது. முதல் நாள் நடந்ததும் அப்புறம் நடந்ததும் வேறு வேறு.

இரண்டாவது வினாவில் "தூய நீர்" என்று போட்டவர்கள் பலர் இருப்பார்கள். செல்சுவருக்குப் பெரிய தடை கிடையாது, உப்பும் நீரும் அதன் வழியே தாராளமாகப் போகும். அதனால் இடைவெளி வெளிக்கரைசலால் நிரம்பும். தேர்ந்தெடுத்து விடுவது சவ்வு மட்டுமே.

நான்காவதில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 9 கிராம் உப்பை மோலார் எடை 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல். அது சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரியும், அதனால் துகள்கள் 0.308 மோல். குளுக்கோஸ் 50 கிராமை 180-ஆல் வகுத்தால் 0.278 மோல். அது பிரியாது. இரண்டும் 0.3-க்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இந்த ஒரு கணக்கு போதும், "எடை அதிகம் என்றால் அழுத்தம் அதிகம்" என்ற நினைப்பு ஓடிவிடும்.

வாழை வினா எனக்குப் பிடித்தது. மண்ணிலிருந்து நைட்ரேட்டை வேர் இழுப்பது அடர்வுச் சரிவுக்கு எதிராக, அதற்கு ஏ.டி.பி வேண்டும், ஏ.டி.பி-க்குச் சுவாசம் வேண்டும், சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். நீர் நின்ற மண்ணில் காற்று இல்லை. இன்னும் வேடிக்கை: நீரிலேயே நிற்கும் செடி வாடவும் செய்யும். ஆக்சிஜன் இல்லாமல் வேர்ச் செல்களின் உட்புறம் அமிலத்தன்மை பெற்று, நீர் போகும் அக்வாபோரின் கதவுகள் மூடிக்கொள்கின்றன. அந்தப் புரதத்தை அடையாளம் கண்டதற்காகப் பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நெல்லுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு.

ஏழாவது வெறும் மனப்பாடம். மூன்று போகும், இரண்டு வரும். இந்தப் பம்பைக் கண்டறிந்தவர் ஜென்ஸ் ஸ்கௌ, 1957-இல். அதற்கு நோபல் கிடைக்க 40 ஆண்டு ஆனது.

எட்டாவதுக்கு ஏழாவதுதான் ஆணிவேர். குடல் செல்லின் அடிப்புறத்தில் அந்தப் பம்பு சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் குறைவு. அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு மேற்புறக் கடத்தி சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாக உள்ளே இழுக்கிறது. கடத்தி நேரடியாக ஏ.டி.பி தொடுவதில்லை, ஆனால் பின்னால் பம்பு செலவழித்திருக்கிறது. இதுவே இரண்டாம் நிலைச் செயல்மிகு கடத்தல். உப்புத்தண்ணீர் மட்டும் கொடுத்தால் இந்தக் கதவு சரியாகத் திறக்காது. சர்க்கரையை அள்ளிப் போட்டாலோ (ஆ) சொல்வது நிஜமாகி நீர் குடலுக்குள் இறங்கும், நிலைமை மோசமாகும். அளவுதான் அங்கே உயிர்.

ஒன்பதாவதில் 0.2-இல் எடை 0.2 கிராம் கூடியிருக்கிறது, 0.4-இல் அதே அளவு குறைந்திருக்கிறது. கோட்டை நடுவில் வெட்டினால் 0.3. வரைபடம் போட நேரம் இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்.

விதைநெல்லில் சவ்வூடு பரவல் என்ற விடையையே நான் தரவில்லை. காரணம் உண்டு: முளை உயிர்த்தெழுந்த பிறகு அதுவும் சேரும். முதலில் நடப்பது மட்டும் உள்ளீர்த்தல், காய்ந்த மாவுச்சத்தும் புரதமும் நீரைப் பற்றிக்கொள்வது. செத்த விதைகூட ஊறிப் பருக்கும். அதனால் பருத்ததை வைத்து முளைக்கும் என்று சொல்ல முடியாது.

பாசி வினாவில் (இ) போட்டவர்களுக்கு: நீரை நேரடியாக ஏ.டி.பி கொண்டு இழுக்கும் பம்பை எந்தச் செல்லிலும் காட்ட முடியாது. கரைபொருளை ஏற்றுவார்கள் அல்லது உள்ளேயே உண்டாக்குவார்கள், நீர் தானாகப் பின்தொடரும்.

பன்னிரண்டில் காரணத்தின் "எல்லா" என்ற சொல்லைப் பாருங்கள். சிவப்பணுவின் குளுக்கோஸ் புரதத்தின் கை பிடித்து இறங்குகிறது, ஆனால் அடர்வுச் சரிவில் இறங்குகிறது. மலையேறுவதற்குத்தான் செலவு.

கடைசியில் (அ) போட்டவர்கள், மட்டம் நின்றதும் நீரும் நின்றது என்று நினைத்துவிட்டீர்கள். இடப்பக்கம் ஏறிய தம்பத்தின் எடை கீழே அழுத்தி, வலமிருந்து வரும் அளவு நீரைத் திருப்பி அனுப்புகிறது. சுக்ரோஸ் சவ்வைக் கடக்காது, இருபுற அடர்வும் சமமாகும் முன்பே அந்த அழுத்தம் மட்டத்தை நிறுத்திவிடுகிறது.