கேன்டீனுக்கும் கீழ்த்தளத்துக்கும்

மாஸ்டர், செல்வி அக்கா, முருகேசன் அண்ணன், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்கள், டிரைவர் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

இன்றோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. மாடியில் எல்லோருக்கும் மெயில் போட்டாச்சு. உங்களில் பாதிப் பேருக்கு ஆபீஸ் மெயிலே கிடையாது. அதனால்தான் இதை டோக்கன் கவுன்ட்டர் பக்கத்தில் ஒட்டுகிறேன். செல்வி அக்கா, கண்ணாடி கொண்டு வரவில்லை என்றால் தம்பி யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க.

2014இல் சேர்ந்த அன்று, "புதுசாம்மா? சர்க்கரை எப்படி?" என்று மாஸ்டர் கேட்டார். அரைச் சர்க்கரை என்றேன். அப்புறம் ஒரு நாளும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுகர் வந்த பிறகு சர்க்கரையே வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நாலு மணிக்கு வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தது.

2015 டிசம்பர் 1 ராத்திரியை இங்கே பழைய ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது, எஸ்டேட்டை விட்டு வெளியே போக வழியில்லை. கரண்டும் இல்லை, போனும் எடுக்கவில்லை. சிலிண்டரில் இருந்த மிச்ச கேஸில் உப்புமா கிண்டி நாற்பது பேருக்குப் போட்டார் மாஸ்டர். சைதாப்பேட்டையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. அது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

முருகேசன் அண்ணே, உங்களிடம் ஒன்று பாக்கி. மூன்று வருஷம் முன்னால், மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்தில், மேஜையைத் துடைத்தபோது ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அது என் டிராயரிலேயே இருந்தது. சாயங்காலமே கிடைத்துவிட்டது. வெட்கத்தில் சொல்லாமல் விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பிரிவுக்காரி என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் கான்ட்ராக்டர் மாறலாம் என்று நீங்களே பேசிக்கொள்கிறீர்கள். யார் வந்தாலும் உங்கள் பி.எஃப். யூ.ஏ.என். எண் அதேதான். புதிதாக ஒன்று போடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள். போன மாதம் பன்னிரண்டு பேருக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தொலைத்தவர்கள் இன்று ஐந்து மணிக்குள் என் மேஜைக்கு வந்தால் மறுபடி எழுதித் தருகிறேன்.

செல்வி அக்கா, மணத்தக்காளி வத்தல் டப்பாவை மடித்து வைத்த புடவையோடு உங்கள் லாக்கர் மேல் வைத்திருக்கிறேன். டப்பா உங்களுடையது. புடவை பொண்ணு வளைகாப்புக்கு.

மாஸ்டர், நோட்டில் என் பேருக்கு நேரே எவ்வளவு நிற்கிறது என்று மூன்று நாளாகக் கேட்கிறேன், சிரிக்கிறீர்களே தவிர சொல்லவில்லை. நானே கணக்குப் பார்த்தேன், 340 ரூபாய். கல்லாவில் கவரில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தனுப்பாதீர்கள்.

அன்புடன்,
விஜயா
கணக்குப் பிரிவு, இரண்டாவது மாடி