நவம்பர் வாடகை: பாக்கியைத் தவணையில் தருவது பற்றி

வணக்கம் அண்ணே. மாடி வீட்டிலிருந்து எழுதுறேன். செல்லூர் தறிக்கூடத்தில் நூல் வரத்து இல்லாமல் வாரத்துக்கு மூணு நாள்தான் தறி ஓடுது. கூலி பாதியாயிருச்சு. அதனால் இந்த மாச வாடகை 7,500-ல் 4,000 மட்டும் இன்னைக்கு ஜிபேயில் அனுப்பியிருக்கேன்.

பாக்கி 3,500-ஐ வாடகையோடு சேர்த்தே தர்றேன்: டிசம்பர் 5-ல் 9,000, ஜனவரி 5-ல் 8,000, பிப்ரவரி 5-ல் 9,000. பொங்கல் செலவு இருக்கிறதால் ஜனவரியில் 500தான் கூட்ட முடியும். தறி முழுசா ஓட ஆரம்பிச்சா முன்னாடியே முடிச்சிருவேன்.

அட்வான்ஸில் கழிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். கரண்ட் பில், தண்ணிக் காசு வழக்கம்போல நானே கட்டிருவேன். சம்மதம்னா இதிலேயே 'சரி'ன்னு போடுங்க. வாடகை நோட்டிலும் பாக்கி 3,500-ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கலாம். தேதி தோதுப்படலைன்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலையில் கீழே வந்து பேசுறேன்.